தன்யோசின்: ஒரு பாட்டியின் சொல்லுக்கு எதை வைப்பது?

வியாசர்பாடியிலிருந்து ஒரு அக்கா மூன்று பள்ளிக்கூட நோட்டுகளை அனுப்பிவைத்தார். அவருடைய அம்மா எழுதியவை. அந்த அம்மா 1938இல் ரங்கூனை ஒட்டிய இன்செயினில் பிறந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பர்மியம். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத வராது. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. மறு வருஷம் அந்தக் குடும்பம் கப்பலேறி மெட்ராஸ் வந்து இறங்கியது. பல வருஷம் கழித்து, கை சும்மா இருந்த காலத்தில், தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தில் அவர் தன் கதையை எழுதி வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் ஒருவருக்கும் பர்மியம் தெரியாது. அவர்களுக்காகத் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் வேண்டும், நாற்பது பிரதி போதும் என்றார் அக்கா.

நான் மோரேயில் வளர்ந்தவன். பர்மாவிலிருந்து வந்தவர்களில் சிலர் மெட்ராஸில் இருப்புக் கொள்ளாமல், மணிப்பூர் வழியாக நடந்தே திரும்பிப் போய்விடலாம் என்று கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கிய ஊர் அது. பக்கத்தில் தமூ சந்தை. அங்கே பேசிப் பேசி வந்த பர்மியம்தான் என்னுடையது. நோட்டுகளின் பர்மியமும் அதே மாதிரி வீட்டு மொழி, அதனால் வேலை வேகமாகவே போனது. ஒரு சொல்லில் மட்டும் நின்றுவிட்டேன். அது மூன்று நோட்டிலும் சேர்த்துப் பதினான்கு இடத்தில் வருகிறது: தன்யோசின்.

அன்பு, பாசம், பற்று என்று அகராதி வழியே போனால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற வேலை. எனக்கு இரண்டு மாதம் ஆனது. எந்தச் சொல்லை எல்லாம் வைத்துப் பார்த்தேன், எது எங்கே உடைந்தது, கடைசியில் எதை எடுத்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி ஒரு சொல்லோடு மாட்டிக்கொண்டவர்களுக்கு என் முடிவைவிட, அதற்குப் போன வழி உதவலாம்.

முதலில் அந்தச் சொல். பாலி மொழியின் சம்யோஜனம்தான் பர்மியர் வாயில் தன்யோசின் ஆனது. பாலியின் 'ச' பர்மியத்தில் நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் 'த' ஆகிவிடும். சம்யோஜனம் என்றால் விலங்கு, தளை. பௌத்தத்தில் மனிதனைப் பிறவியோடு கட்டிவைக்கும் தளைகள் பத்து. 'நான்' என்கிற எண்ணம், சந்தேகம், சடங்கைப் பிடித்துக்கொள்வது, காம ஆசை, வெறுப்பு என்று அந்தப் பட்டியல் போகும். முதல் மூன்றும் அறுந்தவர் விடுதலைக்குப் போகும் ஓடையில் கால் வைத்தவர் என்பார்கள். வெறுப்புகூட ஒரு தளை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் தெருவில், சமையலறையில், பர்மியப் பெண்கள் தன்யோசின் என்று சொல்லும்போது வெறுப்பு அதில் இல்லை. சந்தேகமும் இல்லை. கூட இருந்து இருந்து ஒருவர் மேலோ ஒன்றின் மேலோ மனம் போய் மாட்டிக்கொள்கிறதே, அதுதான் தன்யோசின். இனிமையான சொல். அதே சமயம் எச்சரிக்கையோடு சொல்லும் சொல். 'அவளுக்குத் தன்யோசின் பெரிசு' என்றால் பாராட்டும் கவலையும் ஒன்றாக இருக்கும்.

பதினான்கு இடத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். மூன்று வாக்கியங்களை மட்டும் பிரித்து எடுத்தேன். எந்தச் சொல் வந்தாலும் இந்த மூன்றிலும் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஒன்று, முதல் நோட்டில். ஏழு வயதில் ஒரு தெருப்பூனைக்குத் தட்டில் மிச்சம் இருந்த சோற்றை வைக்கப் போகிறார். பக்கத்து வீட்டு பர்மிய அம்மா சொல்கிறார்: 'அதுக்குச் சோறு வைக்காதே, தன்யோசின் வந்துடும்.' 'வந்துடும்' என்பது இப்போதைக்கு நான் போட்ட வினை. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு, கப்பலேறுவதற்கு முந்தின நாள். தனக்கா அரைக்கும் வட்டக் கல்லை யாரிடம் விட்டுப்போவது என்ற பேச்சு. தனக்கா என்பது பர்மியப் பெண்கள் கன்னத்தில் பூசும் மரப்பட்டைக் குழம்பு. தண்ணீர் தெளித்துக் கல்லில் பட்டையைத் தேய்த்து எடுப்பார்கள், குழம்பு வழிந்து தேங்கக் கல்லின் விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். நல்ல கனம். சுமைக்குப் பயந்து பக்கத்து வீட்டு அம்மாவிடமே அதைக் கொடுத்துவிடுகிறார். 'பெட்டியை விட்டேன், கட்டிலை விட்டேன். கல்லின் மேல்தான் தன்யோசின்' என்று எழுதுகிறார்.

மூன்று, ஒரு சாவு. 1950களில் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவின் வயதான தாயார் கிடையில் கிடக்கிறார். பிக்குகள் பரித்தம் ஓதுகிறார்கள். மகள் தாயின் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். பெரியவர் ஒருவர் அவளை எழுப்பி வெளியே கூட்டிப்போகிறார்: 'அழாதே, தன்யோசின் அறாது.' போகிற உயிர் இந்த வீட்டிலேயே மாட்டிக்கொண்டால் நல்ல பிறவிக்குப் போகாது என்பது அங்கே நம்பிக்கை. ஏழாம் நாள் பிக்குகளுக்கு அன்னம் கொடுத்து, தண்ணீர் வார்த்து, செய்த புண்ணியத்தை மூன்று முறை சொல்லிப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். அதுவரை உயிர் வீட்டைச் சுற்றியே இருக்கும் என்று நினைத்துப் பேச்சைக்கூட அளந்து பேசுவார்கள்.

இனி சொற்கள்.

அன்பைச் சீக்கிரம் விட்டுவிட்டேன். பூனைக்குச் சோறு வைக்காதே, அன்பு வந்துவிடும் என்று எந்தப் பெரியவராவது குழந்தையைத் தடுப்பாரா? தமிழில் அன்பு வந்தால் நல்லது. அதில் ஆபத்து கிடையாது. பர்மியத்திலும் அந்த இடத்துக்கு வேறு சொல் இருக்கிறது. பாலியின் மெத்தாவிலிருந்து வந்த மியித்தா. நோட்டில் மியித்தாவும் வருகிறது, அங்கெல்லாம் அன்பு என்றே போட்டேன். இரண்டையும் தனித்தனியாக எழுதியவரின் இரண்டு சொல்லையும் நான் ஒன்றாக்கக் கூடாது.

பாசம்தான் என்னை ரொம்ப நாள் பிடித்து வைத்திருந்தது. அதன் கதையைப் பார்த்தால் தன்யோசினின் கூடப்பிறந்தது என்றே தோன்றும். பாசம் என்றால் கயிறு, சுருக்கு. சைவ சித்தாந்தத்தில் பதி, பசு, பாசம். ஆணவம், கன்மம், மாயை என்று உயிரைக் கட்டிய மூன்று மலமும் பாசம். அந்தக் கட்டுச் சொல்லைத்தான் நாம் வீட்டுக்குள் கொண்டுவந்து தாய்ப்பாசம், பிள்ளைப்பாசம் என்று கொஞ்சுகிறோம். பர்மியர் செய்ததும் அச்சாக அதுவேதான். மடத்தில் விலங்கு, வீட்டில் வாஞ்சை. இப்படி ஒரு பொருத்தம் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று பதினான்கு இடத்திலும் பாசம் போட்டு ஒரு படி எடுத்தேன்.

படித்துப் பார்த்தபோது கல் உடைத்துவிட்டது. 'கல்லின் மேல்தான் பாசம்.' தமிழில் கல்லின் மேல் பிரியம் இருக்கலாம், ஆசை இருக்கலாம். பாசம் என்றால் கேட்பவர் காது உடனே ரத்த உறவைத் தேடுகிறது, இல்லை பச்சையாக வழுக்கும் பாசியைத் தேடுகிறது. கல்லும் பாசமும் பக்கத்தில் வந்தால் குளத்துப் படிக்கட்டுதான் கண்ணில் நிற்கிறது. பூனை வாக்கியம் ஓரளவு தாக்குப்பிடித்தது. கப்பல் அத்தியாயத்தில் பெரிய அடி. பர்மியத்தில் தன்யோசின் ஜோ என்று ஒரு வழக்கு உண்டு. ஜோ என்றால் கயிறு. மனிதரை மனிதரோடு கட்டிய அன்புக் கயிறு, ரொம்ப சாதாரணமாகப் புழங்குவது. கப்பல் துறையை விட்டு நகரும்போது அந்தக் கயிறு தன்னை இழுத்தது என்று எழுதியிருக்கிறார். என் படியில் அது என்ன ஆனது? 'பாசக்கயிறு இழுத்தது.' இருபத்தேழு வயதுப் பெண் கைக்குழந்தையோடு கப்பல் தளத்தில் நிற்கிறாள், எருமை மேல் எமன் வந்து நிற்கிறான்.

ஒரு சொல்லின் பிறப்பு ஒத்துப்போனால் புழக்கமும் ஒத்துப்போகும் என்று நம்பினதுதான் அங்கே தப்பு. கூட்டுச்சொல்லில் வைத்துப் பார்த்தால் இந்தத் தப்பு உடனே வெளியே வரும். தனிச்சொல்லாக நிற்கும்போது சரியாகத் தெரிகிற ஒன்று, பக்கத்தில் கயிறோ கல்லோ வந்ததும் தன் ஊருக்குப் போய்விடும்.

பற்று கொஞ்சம் மேல். கல்லின் மேல் பற்று என்று சொல்லலாம், குறை இல்லை. சாவு வாக்கியத்தில் பற்று அறாது என்பது அழகாகவே இருக்கிறது. ஆனால் பற்று என்றதும் தமிழ்க் காது திருக்குறளின் துறவு அதிகாரத்துக்குப் போகும், இல்லை மொழிப்பற்று நாட்டுப்பற்று என்று மேடை ஏறும். பக்கத்து வீட்டு அம்மா ஏழு வயதுக் குழந்தையிடம் 'பற்று வந்துடும்' என்று சொல்ல மாட்டார். இன்னொன்றும் இருக்கிறது. தமிழ் பௌத்தத்தில் பற்று என்கிற நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. மணிமேகலையில் பன்னிரண்டு சார்புகளைச் சொல்லும்போது வேட்கைக்கு அடுத்து வருவது பற்று. பாலியில் அது உபாதானம், சம்யோஜனம் வேறு. நாற்பது பிரதிப் புத்தகத்தில் இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். எனக்குத் தெரிந்துவிட்டது, அதற்குப் பிறகு அதை எழுதக் கை வரவில்லை.

பந்தம் உறவின் பெயர், உணர்ச்சியின் பெயர் இல்லை. இரண்டு பக்கமும் இருந்தால்தான் பந்தம். கல்லுக்கும் எனக்கும் என்ன பந்தம்? பூனைக்கு நம் மேல் ஒன்றுமே இல்லாவிட்டாலும் நமக்குத் தன்யோசின் வரும். பிணைப்பு கட்டுரைச் சொல். சம்யோஜனம் என்று மூலத்தையே போடலாமே என்றார் பாலி படித்த நண்பர் ஒருவர். அது அந்தப் பாட்டியைச் சமையலறையிலிருந்து எழுப்பி மடத்தில் உட்காரவைப்பது மாதிரி.

இந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியம்.

"அக்கா, உங்க அம்மா தமிழ்ல பேசும்போது தன்யோசினுக்கு என்ன சொல்லுவாங்க?"

"தன்யோசின்னுதான் சொல்லும்."

"தமிழ்ல பேசும்போதுமா?"

"ஆமா தம்பி. பாசம்னும் சொல்லும், தன்யோசின்னும் சொல்லும். ரெண்டும் வேற வேறன்னுதான் நாங்க நெனச்சோம். எம்பொண்ணு வேலைக்குப் போறப்ப கொழந்தைய எதுத்த வீட்ல விட்டுட்டுப் போவா. அந்த வீட்டுப் பொம்பள ஊருக்குப் போய்ட்டா, கொழந்த ரெண்டு நாள் சாப்புடல. அதுக்கு அம்மா சொல்லுச்சு, அவகிட்ட தன்யோசின் ஒட்டிக்கிச்சு, என்ன பண்றதுன்னு."

ஒட்டிக்கிச்சு. நான் இரண்டு மாதமாகப் பெயர்ச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். விஷயம் வினையில் இருந்தது.

நோட்டைத் திரும்பப் புரட்டினேன். பூனை வாக்கியத்தில் தன்யோசினுக்குப் பக்கத்தில் இருப்பது த்வெ என்கிற வினை. கொடி கம்பத்தைப் பற்றிக்கொள்வது, குழந்தை இடுப்பில் தொற்றிக்கொள்வது எல்லாம் த்வெ. அதன் பின்னால் மி என்று ஒரு சின்ன ஒட்டு. வேண்டுமென்று செய்யாமல் நடந்துபோன காரியம் என்பதற்கு பர்மியர் அதைச் சேர்ப்பார்கள். தெரியாமல் மிதித்துவிட்டேன், வாய்தவறிச் சொல்லிவிட்டேன் என்கிற இடத்தில் எல்லாம் அந்த மி வரும். ஆக அந்தப் பர்மிய அம்மா சொன்னது: நீ நினைக்காமலே அது உன்மேல் தொற்றிக்கொண்டுவிடும்.

தமிழில் பாசத்தை என்ன செய்கிறோம்? வைக்கிறோம். 'பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிறாள்', 'எவ்வளவு பாசம் வைத்தேன்' என்கிறோம். வைக்கிறவர் நாம், அதனால்தான் பாசம் வைத்ததற்குக் கணக்குக் கேட்கவும் நமக்கு உரிமை இருக்கிறது. 'இத்தனை பாசம் வெச்சேனே, இப்படிப் பண்ணிட்டானே' என்று புலம்ப முடிகிறது. தன்யோசினை யாரும் வைப்பதில்லை. அது வந்து ஒட்டுகிறது, அதனால் அதற்குக் கணக்கும் கிடையாது. அந்தப் பாட்டிக்கு இரண்டும் தெரியும். வைக்கிறதற்குத் தமிழ்ச் சொல்லையும், ஒட்டுகிறதற்கு பர்மியச் சொல்லையும் எடுத்து இரண்டு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். பாசம் என்ற சொல் வாயிலேயே இருக்க, அதை விட்டுவிட்டு இதை எடுத்தார் என்பதுதான் பாசத்துக்கு எதிரான பெரிய சாட்சி.

அப்புறம் ஒரு சோதனை செய்தேன். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் இதைச் செய்து பார்க்கலாம், செலவு ஒன்றும் இல்லை. மோரேயில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் போட்டு, எதற்கு என்று சொல்லாமல், தமிழ் வாக்கியங்களைச் சொல்லி அதை பர்மியத்தில் சொல்லச் சொன்னேன். 'பூனை மேல் அன்பு வந்துவிடும்' என்றதற்கு மியித்தா வந்தது. 'பாசம் வந்துவிடும்' என்றதற்கு, கொஞ்சம் யோசித்து, நேசிப்பதற்கான சாதாரணச் சொல்லான சிட் வந்தது. 'பற்று' என்றதும் "இது என்னடா கோயில் பேச்சு" என்று கேட்டார். கடைசியாக, பெயர்ச்சொல்லே போடாமல், 'பூனைக்குச் சோறு போடாதே, மனசு ஒட்டிக்கும்' என்றேன். அரை நொடியில் தன்யோசின் வந்தது, கூடவே த்வெயும் மியும்.

அப்படியானால் முடிந்தது, ஒட்டுதல் என்று போட்டுவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது படி அப்படித்தான் எடுத்தேன். 'மனசு ஒட்டிக்கொண்டது', 'ஒட்டிப்போனது', 'ஒட்டுதல் விடவில்லை.' பூனை நன்றாக வந்தது. கல் வாக்கியம் மூலத்துக்குப் பக்கத்தில் போனது: 'பெட்டியை விட்டேன், கட்டிலை விட்டேன். கல்லில்தான் மனசு ஒட்டிக்கொண்டிருந்தது.' இதைவிட நல்ல தமிழ் என்னால் எழுத முடியாது. தனித்தனி வாக்கியமாகப் பார்த்தால் இந்த வழிக்குத்தான் என் ஓட்டு. ஒரு கதையில், ஒரு தடவை மட்டும் இந்தச் சொல் வருகிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம், வினையை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடலாம்.

ஆனால் சாவு வாக்கியம் நொண்டியது. 'அழாதே, மனசு ஒட்டினது அறாது.' சாகக் கிடக்கிறவர் தலைமாட்டில் பெரியவர் சொல்லும் சொல்லுக்கு இருக்க வேண்டிய கனம் இதில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், மூன்று வாக்கியத்தில் இங்கே மட்டும் பாசம் கம்பீரமாக எழுந்து நிற்கிறது. 'பாசம் அறாது' என்றதும் சிவபுராணம் ஓதிக் கேட்ட காதுக்கு 'பாசமாம் பற்றறுத்து' என்பது தானாக வந்துவிடும். வீட்டுப் பாசமும் சித்தாந்தப் பாசமும் ஒன்றாகிற இடம் நமக்கும் சாவுதான் போலிருக்கிறது.

சரி, பூனைக்கும் கல்லுக்கும் ஒட்டுதல், சாவுக்குப் பாசம் என்று இடத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிப் போட்டால் என்ன? பல நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் அதைத்தான் செய்வார்கள், தப்பும் இல்லை. நானும் அந்த முடிவோடுதான் மூன்றாவது நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.

அந்தப் பக்கத்தில் பாட்டி தன் சாவைப் பற்றி எழுதியிருக்கிறார். தான் போகும்போது யாரும் பக்கத்தில் இருந்து அழவேண்டாம் என்று ஆரம்பிக்கிறார். அப்புறம் ஒரு வரிசை. இன்செயின் வீட்டு வாசல். தனக்காக் கல். சோறு வைக்காமல் விட்ட பூனை. வைக்கவேண்டாம் என்று சொன்னதால் வைக்கவில்லை, ஆனாலும் அது ஒட்டிவிட்டது என்கிறார். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பூனையின் காது கிழிந்திருந்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. கடைசியில்: 'தன்யோசின் அறவில்லை. அறுக்கவும் எனக்கு மனசு இல்லை.'

இந்த இரண்டு வாக்கியமும் நிற்பது முன்னால் வந்த பதின்மூன்றின் மேல். பூனையிடம் வந்த சொல்லும், பிக்குகள் ஓதின அறையில் வந்த சொல்லும் ஒன்றே என்று படிக்கிறவருக்குத் தெரிந்தால்தான் அவர் எதை மறுக்கிறார் என்பது தெரியும். அறுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர், எழுபது வயதில், எனக்கு வேண்டாம் என்கிறார். பூனைக்கு ஒட்டுதலும் சாவுக்குப் பாசமும் போட்டால் அந்த நூல் நடுவில் அறுந்துவிடும். வாக்கியத்துக்கு வாக்கியம் அழகாக இருக்கும், புத்தகம் போய்விடும்.

ஆகவே அவருடைய சொல்லையே வைப்பது என்று முடிவெடுத்தேன். இதற்கு எதிராக என்னிடமே நிறைய இருந்தது. புரியாத சொல்லைப் போட்டுவிட்டு இதற்குத் தமிழே இல்லை என்று கையை விரிப்பது எனக்குப் பிடிக்காது. பாதி நேரம் அது சோம்பேறித்தனம். படிக்கிறவர்களும் பர்மியம் தெரியாத பிள்ளைகள். அடிக்குறிப்பு போட்டால் முதல் பக்கத்திலேயே பாலியும் பத்துத் தளையும் வந்து உட்கார்ந்து கதையை நெரிக்கும். 'தன்யோசின், அதாவது ஒட்டுதல்' என்று வாக்கியத்துக்குள்ளேயே விளக்கினால் பாட்டி சொல்லாத வார்த்தையை அவர் வாயில் வைக்கிறேன். தன் வீட்டில் தினமும் பேசின சொல்லை யாராவது 'அதாவது' போட்டுச் சொல்வார்களா?

என்னைக் காப்பாற்றியது வினைதான். தன்யோசின் என்கிற பெயரை அப்படியே விட்டு, அதன் கூட வரும் வினைகளை மட்டும் கெட்டியான தமிழில் போட்டேன். ஒட்டிக்கொள்வது, இழுப்பது, அறுவது. இந்த மூன்றுக்கும் விளக்கம் வேண்டாம். 'அதுக்குச் சோறு வைக்காதே, தன்யோசின் ஒட்டிக்கும்' என்று படிக்கிற பிள்ளைக்கு, அந்தச் சொல் தெரியாவிட்டாலும், ஒட்டுகிற ஏதோ ஒன்று, சோறு வைத்தால் வருகிற ஒன்று என்பது புரிந்துவிடும். நல்லவேளையாக நோட்டில் முதலில் வருவதே பூனைதான். அங்கே கற்றுக்கொண்டதை வைத்துக் கல்லைத் தாண்டிவிடலாம், கப்பலில் 'தன்யோசின் கயிறு இழுத்தது' என்பதையும் தாண்டிவிடலாம். எமன் வரமாட்டான். கதை முதலில் கப்பலிலிருந்து ஆரம்பித்திருந்தால் இந்த வழி வேலை செய்திருக்காது, அப்போது நான் பற்றுக்கே போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

எப்படி எழுதுவது என்பதிலும் இரண்டு நாள் போனது. பர்மிய உச்சரிப்பில் கடைசிக்கு முன்னால் வருவது தமிழில் இல்லாத ஒலி, சகரத்தை அதிரவைத்துச் சொல்வது மாதிரி. தன்யோஸின் என்றால் உச்சரிப்புக்குக் கொஞ்சம் பக்கம், தன்யோஜின் என்றால் சம்யோஜனத்துக்குப் பக்கம். அக்காவிடம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டினேன். "அம்மா சொன்னது தன்யோசின்தான்" என்றார். ரங்கூன்காரர் உச்சரிப்பு அது இல்லை, வியாசர்பாடியில் ஐம்பது வருஷம் இருந்த வாயின் உச்சரிப்பு. அதையே வைத்தேன்.

இந்த வழியில் போனதும் உண்டு. 'தன்யோசின் பெரிசு' என்கிற வழக்கைக் காப்பாற்ற முடியவில்லை. தமிழில் பெரிசு என்று போட்டால் அளவு மட்டும்தான் வருகிறது, அதில் இருக்கிற கவலை வரவில்லை. இரண்டு இடத்தில் 'தன்யோசின் விடாது' என்று மாற்றினேன். பர்மியத்தில் இருக்கும் மி, அந்தத் தெரியாமல் நடந்துபோன தன்மை, 'ஒட்டிக்கும்' என்பதில் பாதிதான் வருகிறது.

பதினான்கில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்தப் பெயரை எடுத்துவிட்டேன். மெட்ராஸுக்கு வந்த புதிதில், இந்த ஊரோடு தனக்குத் தன்யோசின் வரவில்லை, பதினொரு வருஷம் ஆனது என்று எழுதியிருக்கிறார். அங்கே தமிழ் தானாக முந்திக்கொண்டு வந்தது: 'பதினொரு வருஷம் இந்த ஊர் எனக்கு ஒட்டவில்லை.' பெயரை எடுத்தது தெரியட்டும் என்று அச்சுக்குப் போகும் முன் அக்காவிடம் அதைப் படித்துக் காட்டினேன்.

"இதை அம்மா தமிழ்லயே எழுதியிருக்கா?" என்று கேட்டார்.